தொடக்கநிலைக் கிற்றாரில் தந்திப் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிதல்

கிளிநொச்சிப் பக்கத்தில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் பழக்கும் எனக்கு, "விரல் வலிக்கிறது, எனக்கு இது வராது போலிருக்கிறது" என்று சொல்லிப் பாதியில் நிறுத்த நினைக்கும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், முதலில் அவர்களுடைய விரலையன்றி, தந்திகள் பெட்டியின் மேற்பலகையில் மாட்டப்பட்டிருக்கும் பிரிட்ஜைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பெட்டிக்குப் பொருந்தாத தந்தி, கைக்குப் பொருந்தாத பருமன், காலம் கடந்த தந்தி ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. இவற்றுள் முதலாவதுதான் கிற்றாரையே உடைக்கக்கூடியது என்பதால், அதற்கே இங்கே அதிக இடம் தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னர்: இது எந்தத் தந்திக்கான கிற்றார்?

தலைப்பகுதியில் நீளவாட்டில் இரண்டு பெரிய துவாரங்கள் வெட்டப்பட்டு, அவற்றுக்குள் தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் உருளைகளில் தந்தி சுற்றப்பட்டிருந்தால், அது நைலோன் தந்திக்காகச் செய்யப்பட்ட கிளாசிக்கல் கிற்றார். பிரிட்ஜிலும் தந்திகள் துளை வழியாகச் சென்று, திரும்பி வந்து, தம்மைத் தாமே சுற்றி முடிச்சிடப்பட்டிருக்கும். தலைப்பகுதி துவாரமில்லாத முழுப் பலகையாகவும், சுற்றும் தண்டுகள் மெல்லிய உலோகமாகவும், பிரிட்ஜில் ஆறு குமிழ் முளைகள் தந்தியின் நுனியை உள்ளே அழுத்திப் பிடிப்பனவாகவும் இருந்தால், அது உருக்குத் தந்திக்கானது. கடைகளில் ஸ்டீல் என்று கேட்டால்தான் அதை எடுத்துத் தருவார்கள்.

இப்போது பூட்டியிருக்கும் தந்தி எது என்பதைக் கண்ணால் முடிவுசெய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நைலோன் தொகுதியிலும் தடித்த மூன்று தந்திகள் வெள்ளி பூசிய செப்புக் கம்பியால் சுற்றப்பட்டிருப்பதால், அவை பார்வைக்கு உலோகம் போலவே இருக்கும். "கீழே மூன்று கம்பிதானே, ஆகவே இது ஸ்டீல்" என்று எண்ணி, ஒன்று அறுந்ததும் உருக்குத் தந்தி வாங்கிவந்து பூட்டியவர்களை நான் பல முறை சந்தித்திருக்கிறேன். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை அருகே பிடித்துப் பாருங்கள். உருக்குத் தந்தி காந்தத்தை நோக்கி அசையும். நைலோனின் சுற்றுத் தந்தி, உள்ளே நைலோன் இழைக்கற்றையும் வெளியே செம்பும் ஆதலால், அசையாது.

அறிகுறி: தந்தி உயர்ந்து நிற்கிறது, அழுத்த முடியவில்லை, பிரிட்ஜின் பின்புறம் வீங்கியிருக்கிறது

சென்ற ஆனியில், முள்ளியவளைப் பக்கத்திலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவர் தன் தாயுடன் கிற்றாரைக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் சிரமமின்றி வாசித்த சி கோர்ட் இப்போது வரவில்லை என்றும், எஃப் கோர்ட்டை நினைக்கவே முடியவில்லை என்றும் சொன்னார். தலையில் துவாரங்களும், பிரிட்ஜில் முடிச்சுத் துளைகளும் உள்ள தெளிவான நைலோன் கிற்றார் அது. ஆனால் மாசியில் மாமா ஒருவர் நகரிலிருந்து, மிக மெல்லியதான முதலாம் தந்தி .012 அங்குல விட்டமுள்ள உருக்குத் தந்தித் தொகுதியொன்றை வாங்கிவந்து பூட்டியிருந்தார். தந்தியின் நுனியிலிருந்த பித்தளைக் குண்டு, பிரிட்ஜின் துளைக்குப் பின்னால் ஆப்புப்போல நின்றுவிட்டதால், முடிச்சே தேவைப்படாமல் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்தப் பொருத்தம்தான் ஆபத்தானது. பிழையான தந்தி ஏறவே மறுத்திருந்தால் கிற்றார் தப்பியிருக்கும்.

இழுவிசையைக் கணக்கிட்டால் காரணம் விளங்கும். சாதாரண நைலோன் தொகுதியின் ஆறு தந்திகளும் சுருதியில் நிற்கும்போது மொத்தமாக 38 கிலோ அளவில் இழுக்கின்றன. .012 உருக்குத் தொகுதி 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. ஒரு மூடை சீமெந்து 50 கிலோ என்பதால், முக்கால் மூடையைத் தாங்கச் செய்த மெல்லிய பலகையில் ஏறத்தாழ ஒன்றரை மூடையை இரவும் பகலும் தொங்கவிட்டதற்கு இது சமம். நைலோன் தந்தி பருமனில் தடிப்பானது. அதன் முதலாம் தந்தி 0.71 மில்லிமீற்றர், உருக்கில் .012 என்பது 0.30 மில்லிமீற்றர் மட்டுமே. ஆயினும் உருக்கு நைலோனைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அடர்த்தியானது என்பதால், அதே சுருதிக்கு அதைக் கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கிறது. உருக்குக் கிற்றாரில் மேற்பலகைக்கு அடியில் குறுக்கு மறுக்காகத் தடித்த சட்டங்களும், கழுத்துக்குள் ஓர் இரும்புக் கோலும் இருப்பது இதற்காகவே. நைலோன் கிற்றாரில் விசிறிபோல் விரிந்த மெல்லிய சட்டங்களே உண்டு. கழுத்துக் கோல் பெரும்பாலும் இராது.

நான் செய்த பரிசோதனைகள் மூன்றும் யாரும் வீட்டில் செய்யக்கூடியவை. முதலாவதாக, பள்ளிக்கூட அடிமட்டத்தை, கழுத்தின் குறுக்கே பதிந்திருக்கும் உலோகக் கம்பிகளான பிரெட்டுகளில் பன்னிரண்டாவதன் மேல் நிறுத்தி, பிரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடி வரையுள்ள உயரத்தை அளந்தேன். முதலாம் தந்தி 5 மில்லிமீற்றரும், ஆறாம் தந்தி 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேலும் இருந்தன. நைலோன் கிற்றாரில் இவை முறையே 3, 4 என்ற அளவில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, அடிமட்டத்தைப் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் குறுக்கே படுக்க வைத்தபோது, நடுவில் அது தொட்டு நிற்க, இரு ஓரங்களிலும் வெளிச்சம் தெரிந்தது. சிறிதளவு மேடு எல்லாக் கிற்றாரிலும் உண்டு. இதில் அடிமட்டம் ஊஞ்சல்போல ஆடியது. மூன்றாவதாக, ஒரு கடதாசித் துண்டைப் பிரிட்ஜின் பின் விளிம்பில் செருகினேன். ஐந்து மில்லிமீற்றர் உள்ளே போனது. பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கடதாசி நுழைந்த கணமே தந்திகளைத் தளர்த்திவிட வேண்டும். "இன்றைக்கு ஒரு பாட்டு மட்டும்" என்று காத்திருந்தால், ஒரு நாள் நடுச்சாமத்தில் பிரிட்ஜ் பலகையின் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு எழும்பிவிடும்.

தளர்த்தும்போது ஒரு தந்தியை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஆறையும் முறைவைத்துச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். வெறும் கிற்றாரை மூன்று நாள்கள் நிழலில் வைத்தபோது வீக்கம் ஓரளவு இறங்கியது. பிறகு பழக்கமான தச்சர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் ஒரு மெல்லிய கத்தித் தகட்டைச் சூடாக்கி, விட்டிருந்த பிரிட்ஜை மெதுவாக முழுமையாகக் கழற்றி, இரு பக்கத்திலும் பழைய பசையைச் சுரண்டி, மரம் தெரியும்வரை துப்புரவாக்கி, மரப்பசை பூசி, ஒலித்துளை வழியாக உள்ளே செல்லக்கூடிய நீண்ட வாயுள்ள கிளாம்ப்பால் இறுக்கி, ஒரு முழு நாள் விட்டுவைத்தார். அவசரத்துக்குச் சுப்பர் குளூவை விளிம்பில் சொட்டவிடுவது பலர் செய்யும் தவறு. அது உள்ளே போகாது. அதன் மேல் பின்னர் மரப்பசை ஒட்டவும் மாட்டாது. அடுத்த முறை திருத்துபவர் மரத்தையே செதுக்க நேரிடும்.

ஒட்டிய பிரிட்ஜில் நைலோன் தந்திகளை ஏற்றினோம். நைலோனில் பருமனைப் பார்த்து வாங்குவதில்லை. நோர்மல் டென்ஷன், ஹார்ட் டென்ஷன் என்று இழுவிசையால்தான் பக்கற்றில் குறிப்பிடுவார்கள். பழகுபவருக்கு நோர்மல் போதும். ஒருமுறை பாதிக்கப்பட்ட பலகைக்கு ஹார்ட் கூடவே கூடாது. முடிச்சிடும்போது முதலாம் தந்தி வழுக்கிக்கொண்டு ஓடும் இயல்புடையது என்பதால், மற்றவற்றுக்கு ஒரு சுற்று என்றால் அதற்கு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, வால் நுனி பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அப்பால் இறங்கி அழுந்தும்படி செருக வேண்டும். அந்த இடத்தில் பலகையின் மேல் ஒரு மட்டைத் துண்டை வைத்துக்கொள்வது நல்லது. முடிச்சு விட்டால் தந்தியின் நுனி சாட்டைபோல அடித்துப் பலகையில் வெட்டு விழுத்தும்.

சுருதி கூட்டி இரண்டு நாள்களின் பின் அளந்தபோது முதலாம் தந்தி 3.5, ஆறாம் தந்தி 4.5 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் குறைக்க வேண்டும். பன்னிரண்டாம் பிரெட் தந்தியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே அரை மில்லிமீற்றர் இறங்க, பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய துண்டான சாடிலில் ஒரு மில்லிமீற்றர் குறைய வேண்டும். சாடிலை வெளியே எடுத்து, அதன் அடியில் பென்சிலால் ஒரு மில்லிமீற்றர்க் கோடு கீறி, மட்டமான கண்ணாடியின் மேல் அரத்தாளை விரித்து, அந்தக் கோடு வரை தேய்த்தோம். மேல் விளிம்பைத் தேய்க்கக் கூடாது. தந்தி தங்கும் வளைவு கெட்டுவிடும். அன்று மாலை அந்தப் பிள்ளை எஃப் கோர்ட்டை முழுமையாக இல்லாவிட்டாலும், ஆறில் நான்கு தந்தி ஒலிக்கும்படி பிடித்தார்.

அறிகுறி: உருக்குக் கிற்றார்தான், ஆயினும் விரல் தாங்கவில்லை

இங்கே தந்தி பெட்டிக்குப் பொருந்தியிருக்கிறது. கேள்வி பருமனைப் பற்றியது. புதிய உருக்குக் கிற்றார்கள் பெரும்பாலும் .012 அல்லது .011 தந்தியுடன் வருகின்றன. பக்கற்றிலுள்ள இந்த எண் முதலாம் தந்தியின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்திலொன்றாகச் சொல்கிறது. எக்ஸ்ட்ரா லைட் எனப்படும் .010 தொகுதியைப் பூட்டினால் மொத்த இழுவிசை 60 கிலோ அளவுக்கு இறங்கும். ஒலி சற்று மெலியும் என்பது உண்மை. வாரம் மூன்று நாள் பழகும் பிள்ளைக்கு அந்த இழப்பு பொருட்டல்ல என்பதே என் முடிவு. தேவாலயத்தில் ஒலிவாங்கியின்றிப் பலத்துத் தாளம் அடிப்பவருக்குத்தான் .012 உண்மையில் தேவைப்படுகிறது.

ஆனால் தந்தி வாங்கப் பணம் செலவழிக்கும் முன்னர், கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் படியும் பள்ளங்களுள்ள துண்டான நட்டைச் சோதியுங்கள். மூன்றாம் பிரெட்டுக்கு அருகே ஒரு தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே தந்தி முதலாம் பிரெட்டின் மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மயிரிழை இடைவெளி சரியானது. ஒரு தடித்த மட்டையே நுழையுமானால், தந்தி எந்தப் பருமனாக இருந்தாலும் முதலிரண்டு பிரெட்டில் விரல் வலிக்கத்தான் செய்யும். நட்டின் பள்ளத்தை அறிந்த ஒருவர் அரத்தால் இறக்க வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ஆறு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி கூட்டினால் இழுவிசை 11 சதவீதம் குறையும்; முழுச் சுரம் இறக்கினால் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். மற்றவர்களுடன் சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் முதலாம் அல்லது இரண்டாம் பிரெட்டில், ஆறு தந்திகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கப்போ மாட்டினால் சுருதி சேர்ந்துவிடும்.

.012 இலிருந்து .010 க்கு மாறிய பின் முதல் ஐந்து பிரெட்டுகளுக்குள் தந்தி கிறுகிறுத்தால் பயப்பட வேண்டாம். இழுவை குறைந்ததால் கழுத்து பின்னோக்கி நிமிர்ந்திருக்கிறது. கழுத்துக் கோலைக் கால் சுற்று, அதற்கு மேல் இல்லாமல், தளர்த்தி, ஒரு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

விரல் வலிக்கிறது என்பதற்காக உருக்குக் கிற்றாரில் நைலோன் தந்தியைப் பூட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கிற்றாருக்குக் கேடு வராது. ஆனால் தடித்த சட்டங்களை அசைக்க அந்த இழுவை போதாததால் ஒலி அடங்கிப்போகும். மெல்லிய உருக்குக்காக வெட்டிய நட்டின் பள்ளத்தில் 0.71 மில்லிமீற்றர் நைலோன் இறங்காமல் மேலே நெருங்கி நின்று, சுருதி கூட்டும்போது "டக்" என்று தாவும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி: சுருதி நிற்கவில்லை

நைலோன் தந்தி புதிதாயின், இது பிழையே அல்ல. நைலோன் நாள்கணக்கில் நீண்டுகொண்டே இருக்கும். முதல் வாரத்தில் ஒரு பாட்டுக்கு ஒரு முறை சுருதி கூட்ட நேர்வது இயல்பு. ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு மீண்டும் சுருதி கூட்டினால் அந்தக் காலம் குறுகும். உருக்குத் தந்தி ஒன்றிரண்டு நாளில் அமைந்துவிடும்; அதன் பிறகும் இறங்கினால் தண்டில் போதிய சுற்று இல்லை, அல்லது குண்டு முளையில் சரியாக மாட்டவில்லை.

திறந்த தந்திகள் ரியூனரில் சரியாகக் காட்டியும் கோர்ட் பிடித்தால் அபசுரம் கேட்குமாயின், பன்னிரண்டாம் பிரெட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். பிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டு மட்டும் மீட்டினால் மணிபோல ஒரு மெல்லிய ஒலி எழும். அதன் பின் அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு தந்திகளிலும் அழுத்திய ஒலி கூடியிருந்தால், தந்தி உயரமாக நிற்கிறது. மேலே சொன்ன அளவீட்டுக்குத் திரும்பிப் போங்கள். ஒன்றிரண்டு தந்திகளில் மட்டும் பிசகினால் அந்தத் தந்தி தேய்ந்துவிட்டது. பிரெட்டுகள் கடித்தும் அழுக்கு ஏறியும் அதன் நிறை நீளமெங்கும் ஒரே சீராக இல்லாமற் போவதே காரணம். எந்தச் சுருதி கூட்டலும் அதைத் திருத்தாது.

அறிகுறி: ஒலி மங்கிவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டதா?

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பழகுபவருக்கு உருக்குத் தந்தி இரண்டு மூன்று மாதமும், நைலோன் நான்கு முதல் ஆறு மாதமும் என்பது என் பொதுக் கணக்கு. ஆனால் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்தில் மூன்று மாதம் நிற்கும் அதே உருக்குத் தந்தி, முல்லைத்தீவுக் கரையில் உப்புக் காற்றுப் படும் வீட்டில், சுவரில் திறந்தபடி தொங்கினால், ஒரு மாதத்திலேயே கறுத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே நாட்காட்டியைவிட விரலை நம்புங்கள். தந்தியின் அடிப்பக்கத்தை, பிரெட்டுகள் தொடும் பகுதியை, நகத்தால் நீளவாட்டில் வருடிப் பாருங்கள். பிரெட்டுகளுக்கு நேரே சிறு பள்ளங்கள் தட்டுப்பட்டால், அல்லது விரல் நுனியில் கறுப்பு ஒட்டினால், மாற்ற வேண்டியதுதான். துருப்பிடித்த உருக்கு பிரெட்டையும் அரம்போல அராவும். தந்தித் தொகுதியைவிடப் பிரெட் வேலைக்குப் பல மடங்கு செலவாகும்.

நைலோனில் மெல்லிய மூன்றும் நெடுங்காலம் நிற்கும். சுற்றுத் தந்திகளே, அதிலும் நாலாம் தந்தியே, முதலில் மங்கிச் சுற்றுப் பிரியும். கையில் பணம் குறைவாயின் தடித்த மூன்றை மட்டும் மாற்றுவதில் தவறில்லை. உருக்கில் அப்படிச் செய்யாமல் ஆறையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று பளிச்சென்றும் மற்றவை மங்கியும் ஒலிப்பது காதை உறுத்தும். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைத்து உறையில் வைத்தால், கரையோரத்திலும் ஆயுள் கூடும்.

அறிகுறி: தந்தி அறுந்துகொண்டே இருக்கிறது

அறுந்த இடமே காரணத்தைச் சொல்லும். எப்போதும் சாடிலில் அறுந்தால் அங்கே கூரிய விளிம்பு இருக்கிறது. நட்டில் என்றால் பள்ளம் இறுகலாக இருக்கிறது. சுற்றும் தண்டில் என்றால் துளையின் ஓரம் கூர்மையாக இருக்கிறது. மூன்றையும் நுண்ணிய அரத்தாளால் மழுக்கலாம். புதுத் தந்தி சுருதி கூட்டும்போதே நடுவழியில் அறுந்தால், சுருதி காட்டும் கைபேசிச் செயலியில் எழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். முதலாம் தந்தி E4, ஆறாம் தந்தி E2. வெறும் E என்று மட்டும் காட்டும் செயலியை நம்பி ஒரு ஸ்தாயி மேலே முறுக்கிச் செல்பவர்கள் அதிகம்.

முள்ளியவளைப் பிள்ளையின் கிற்றார் மார்கழியில் மீண்டும் என்னிடம் வந்தது. வாடைக் காற்றும் மழையும் தொடர்ந்திருந்த வாரம் அது. முதலாம் தந்தி 3.4 மில்லிமீற்றர் காட்டியது. தாய் மறுபடியும் பிரிட்ஜ் எழும்புகிறதோ என்று கலங்கினார். கடதாசியைச் செருகினேன், எந்தப் பக்கமும் நுழையவில்லை. மழைக்காலத்தில் மேற்பலகை ஈரத்தை உறிஞ்சிச் சற்று உப்பித் தந்தியை உயர்த்துவதும், கோடையில் அது இறங்குவதும் மரத்தின் இயல்பு. அந்த 0.4 மில்லிமீற்றருக்காகச் சாடிலை மேலும் தேய்த்திருந்தால், வெயில் வந்ததும் தந்தி பிரெட்டில் மோதிக் கிறுகிறுத்திருக்கும். ஆகவே சாடிலில் கைவைக்காமல், சுற்றுப் பிரியத் தொடங்கியிருந்த நாலாம் தந்தியுடன் ஐந்து, ஆறு ஆகியவற்றை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பங்குனியில் அளந்தபோது முதலாம் தந்தி மீண்டும் 3 மில்லிமீற்றரில் நின்றது.